கப்பலேறும் வரை அது யாருடைய மா?

திருகோணமலைத் துறைமுகத்தில் புல்மோட்டைக் கனிய மணல் கப்பலின் அறைக்குள் கொட்டப்படுவதைப் பார்த்தவர்களுக்கு எஃப்.ஓ.பி. என்ற விலைமுறையை விளக்க வேண்டியதில்லை. மணல் கப்பலில் விழும்வரை விற்பவருடைய பொறுப்பு, விழுந்த பிறகு வாங்குபவருடையது. கப்பல் கண்முன்னே நிற்கிறது, பொறுப்பு கைமாறும் இடமும் கண்ணுக்குத் தெரிகிறது.

என் பெரியப்பா மகன் கந்தளாய் வீதியில் மா ஆலை வைத்திருக்கிறார். அவருடைய வறுத்த சிவப்பரிசி மா கனடாவுக்குப் போகும் விதம் வேறு. வெறும் கொள்கலன் கொழும்பிலிருந்து ஆலை வாசலுக்கு வரும். நிரப்பி முத்திரை வைத்தபின் கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் வழியாக இருநூற்றைம்பது கிலோமீற்றருக்கும் மேல் திரும்பிப் போகும். கொழும்பு முனையத்தில் இறக்கி வைத்தால், கப்பல் வரும்வரை சில நாள் அங்கேயே கிடக்கும். ஹபரணையில் இரவில் யானை குறுக்கே வந்து லொறி நிற்பது முதல் முனையத்தில் பெய்யும் மழை வரை, கப்பலேறுமுன் நடக்கக்கூடியவை ஏராளம். இந்தத் தூரம் யார் தலையில் என்பதைத் தீர்ப்பதுதான், எஃப்.ஓ.பி. போல விலைப்பட்டியலில் எழுதப்படும் மூன்று எழுத்துகளின் வேலை.

அண்ணன் விற்றது சி.ஐ.எஃப். மொன்றியல் விலைக்கு. 18 கிலோ பெட்டிகள் ஆயிரம், பெட்டி 25 டொலர், மொத்தம் 25,000. கப்பற்கூலியும் காப்புறுதியும் அதற்குள் அடக்கம். வாங்கிய ரொறன்ரோ மொத்த வியாபாரி, "மொன்றியல் வரை எல்லாம் உங்கள் பொறுப்புத்தானே அண்ணை" என்று தொலைபேசியில் கேட்டார். இவரும் "ஓம் தம்பி" என்றுவிட்டார். இருவருமே தவறு. சி.ஐ.எஃப். விலையில் மொன்றியல் என்பது கூலி கட்டப்பட்டிருக்கும் ஊர் மட்டுமே. இழப்பின் பொறுப்பு எஃப்.ஓ.பி.யில் போலவே, கொழும்பில் பொருள் கப்பலில் ஏற்றப்பட்டதும் வாங்குபவருக்குப் போய்விடுகிறது. கூலியையும் காப்புறுதியையும் யார் கட்டுகிறார் என்பதில்தான் இரண்டும் வேறுபடுகின்றன. இந்த ஒரு குழப்பத்தால் முறிந்த வியாபார உறவுகளை நான் கொழும்பில் கப்பல் முகவர் அலுவலகத்தில் இருந்த காலத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

கார்த்திகை மாத அடைமழையில் நிரப்பிய கொள்கலன் அது. ரொறன்ரோவில் திறந்தபோது 140 பெட்டிகள் நனைந்து பூஞ்சணம் பிடித்திருந்தன. 3,500 டொலர் போயிற்று. கூரையில் துருப்பிடித்த சிறு துளை. பார்வையிட வந்த மதிப்பாய்வாளர் ஈரத்தில் வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலை விட்டுப் பார்த்தார். கடல்நீராக இருந்தால் உப்பினால் பால்போல் வெண்மை படியும். படியவில்லை, ஆகவே மழைநீர். எந்த ஊர் மழை? கந்தளாயிலா, கொழும்பு முனையத்திலா, மொன்றியலில் இறக்கிய பிறகா? கப்பலேறுமுன் என்றால் நட்டம் அண்ணனுக்கு, பின் என்றால் வாங்கியவருக்கு. கப்பல் ஏற்றுச்சீட்டில் குறையேதும் குறிக்கப்படவில்லை. ஆனால் முத்திரை வைத்த கொள்கலனுக்குள் என்ன நிலை என்று கப்பல் நிறுவனம் பார்ப்பதில்லை, அதனால் அந்தச் சீட்டு இதில் யாருக்கும் உதவவில்லை.

காப்புறுதி இருந்ததே என்பீர்கள். இருந்தது, விதிப்படி விலையின் 110 வீதத்துக்கு, 27,500 டொலருக்கு. ஆனால் சி.ஐ.எஃப். முறையில் வேறு எதுவும் பேசிக்கொள்ளாவிட்டால், விற்பவர் ஆகக் குறைந்த பாதுகாப்பான 'சி' வகைக் காப்புறுதியை எடுத்தால் போதும். அண்ணனும் அதைத்தான் எடுத்திருந்தார். தீ, கப்பல் மூழ்குதல், மோதுதல், லொறி கவிழ்தல் போன்ற பெரிய விபத்துகளுக்கே அது பணம் தரும். யானையைக் கண்டு ஒதுங்கிய லொறி பள்ளத்தில் கவிழ்ந்திருந்தால் கிடைத்திருக்கும். மழைக்கும் களவுக்கும் கிடைக்காது. நடுத்தரமான 'பி' வகைகூடக் கடல், ஏரி, ஆற்று நீர் உட்புகுந்தால்தான் தரும், மழைக்குத் தராது. கடைசியில் இருவரும் ஆளுக்கு 1,750 டொலரை விழுங்கிக்கொண்டார்கள்.

எஃப்.ஓ.பி. கொழும்பு என்று விற்றிருந்தால்? வாங்குபவர் தன் காப்புறுதியை எடுப்பார், அது பெரும்பாலும் கப்பலில் ஏறிய கணத்திலிருந்தே பேசும். ஆலையிலிருந்து கப்பல்வரையுள்ள துண்டுக்கு அண்ணன் தனியாக எடுத்தாலொழியப் பாதுகாப்பே இல்லை. எங்களூர்க்காரருக்கு எஃப்.ஓ.பி. மிக மோசமான தேர்வு என்று நான் சொல்வது இதனால்தான். முனையத்தில் ஒப்படைத்த கொள்கலனை நீங்கள் திறக்க முடியாது, கப்பல் தாமதித்தால் அதைத் துரிதப்படுத்தவும் முடியாது, ஆனாலும் பொறுப்பு மட்டும் உங்களுடையது. எஃப்.ஓ.பி., சி.ஐ.எஃப். இரண்டும் கப்பலில் நேரே ஏற்றும் சரக்குக்கானவை, கொள்கலனுக்கு ஏற்றவையல்ல என்று விதிகளை வெளியிடும் சர்வதேச வர்த்தகச் சம்மேளனமே சொல்கிறது. பழக்கம்தான் விடுவதில்லை.

எஃப்.சி.ஏ. திருகோணமலை, ஆலை வாசல் என்று எழுதினால் கதை மாறும். வாங்குபவர் அனுப்பும் லொறியில் சரக்கை ஏற்றி முடித்ததும் பொறுப்பு அவருக்கு. ஏற்றுமதிச் சுங்க வேலை மட்டும் அண்ணனுடையது. வாங்குபவர் எல்லா ஆபத்தையும் தாங்கும் 'ஏ' வகையை ஆலையிலிருந்தே எடுத்திருந்தால், மழை எந்த ஊரில் பெய்தது என்ற கேள்வியே எழாது. இதிலும் சிக்கல் உண்டு. ரொறன்ரோக்காரருக்குத் திருகோணமலையில் லொறி பிடிக்கப் பொறுமை இருக்காது. வங்கி பணத்துக்கு உறுதி தரும் நாணயக் கடிதம் வழியே பணம் வருவதானால், கப்பலில் ஏற்றியதைக் காட்டும் சீட்டை வங்கி கேட்கும், விற்பவரோ லொறியில் ஏற்றியதோடு ஒதுங்கிவிட்டார். சம்மேளன விதிகளின் 2020 பதிப்பு இதற்கு வழி வைத்தது: அந்தச் சீட்டை விற்பவருக்குக் கொடுக்கும்படி வாங்குபவர் கப்பல் நிறுவனத்துக்கு அறிவுறுத்த வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே உடன்பட்டுக்கொள்ளலாம். எழுதாவிட்டால் தானாக நடக்காது.

லொறியும் கப்பலும் நீங்களே பிடியுங்கள் என்று வாங்குபவர் அடம்பிடித்தால் நான் சொல்வது சி.ஐ.பி. ரொறன்ரோ. கூலியும் காப்புறுதியும் விற்பவர் கட்டுவார், சி.ஐ.எஃப். போலவே ஒற்றை விலை. ஆனால் பொறுப்பு முதல் லொறிக்காரரிடம் சரக்கை ஒப்படைக்கும்போதே மாறுகிறது. வேறு எதுவும் பேசிக்கொள்ளாவிட்டால், 2020 பதிப்பு இதற்கு 'ஏ' வகைக் காப்புறுதியைக் கேட்கிறது. கட்டணம் சற்றுக் கூடும். அதையும் பெட்டி விலையில் சேர்த்துக்கொள்ளலாம். 'ஏ' வகையும் ஈரப்பதம் மிகுந்த மாவைப் பொதி செய்து அது தன் குணத்தாலேயே கெட்டால் தராது, மட்டமான பொதிக்கும் தராது. கப்பற்கூலி திடீரென ஏறினால் விற்பவர் மாட்டிக்கொள்வது சி.ஐ.எஃப். போல இதிலும் உண்டு. அதனால் விலை எத்தனை நாளுக்குச் செல்லும் என்று எழுதிவிடுவது நல்லது.

அடுத்த கொள்கலனை அண்ணன் சி.ஐ.பி. ரொறன்ரோவில் அனுப்பினார், ஒப்படைக்கும் இடம் ஆலை வாசல் என்றும் 2020 பதிப்பு என்றும் எழுதியே. நிரப்புமுன் இரண்டு பையன்களை வெறும் கொள்கலனுக்குள் விட்டுக் கதவை மூடினார். உள்ளே கும்மிருட்டு, கூரையின் ஒரு மூலையில் மட்டும் ஊசி முனைபோல வெளிச்சம். அந்தக் கொள்கலனைத் திருப்பி அனுப்பிவிட்டு வேறொன்று கேட்டார்.