கல்லூரி வாசலில் சைவக் கடை: சாப்பாட்டு ஓட்டலா, கலவை சாதக் கவுண்டரா?

தருமபுரி அரசு கலைக் கல்லூரிப் பக்கம் சைவக் கடை போட இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, 24 பேர் உட்கார்ந்து காலை டிபனும் மதியம் இலைச் சாப்பாடும் சாப்பிடும் ஓட்டல். இன்னொன்று, நின்று சாப்பிட நாலைந்து உயர மேசை போட்டு, காலையில் இட்லி பொங்கலும் மதியம் கலவை சாதமும் தரும் கவுண்டர். பார்வைக்கு முதலாவதுதான் ‘கடை’ மாதிரி இருக்கும். கணக்கு வேறு மாதிரி வருகிறது.

கல்லூரி நடப்பது ஆண்டுக்குச் சுமார் 180 நாள். ஒரு செமஸ்டருக்கு 90. வாடகை மட்டும் 12 மாதமும் ஓடும். கடை 25 நாள் மூடியிருக்கும் என்று வைத்தால், மாணவர் இல்லாமல் திறக்கும் நாள்கள் 160. இந்த 160 நாளை எப்படித் தாங்குவது என்பதுதான் திட்டத்தின் மையம்.

முதலில் மதிய இடைவேளையைப் பாருங்கள். கிடைப்பது 45 நிமிடம், மிஞ்சினால் ஒரு மணி நேரம். இலை போட்டு, சாதம், சாம்பார், ரசம், மோர் என்று ஒருவர் எழ 20–25 நிமிடம் ஆகும். 24 இருக்கையில் இரண்டு பந்திக்கு மேல் ஓடாது. 48 பேரோடு சரி. மூன்றாவது பந்திக்குக் காத்திருப்பவர் மணி அடித்ததும் கிளம்பிவிடுவார், மறுநாள் வேறு கடை பார்ப்பார். கவுண்டரில் முன்கூட்டியே டோக்கன் கொடுத்துவிட்டால் ஒரு தட்டுக்கு 20–25 விநாடி போதும். ஒரே ஆள் 45 நிமிடத்தில் 110 தட்டு தள்ளலாம்.

தொடக்கச் செலவு கீழே. இவை திட்ட மதிப்பீடுகள். வாடகையும் அட்வான்ஸும் தெருவுக்குத் தெரு மாறும்.

| செலவு (ரூபாய்) | ஓட்டல், 600 சதுர அடி | கவுண்டர், 250 சதுர அடி |
|---|---|---|
| கடை அட்வான்ஸ் | 1,50,000 | 60,000 |
| அடுப்பு, கிரைண்டர், எக்ஸாஸ்ட், பாத்திரம் | 1,65,000 | 85,000 |
| மேசை, நாற்காலி, கவுண்டர் | 70,000 | 35,000 |
| ஃபிரிட்ஜ் | 45,000 | 18,000 |
| கழுவுதொட்டி, சாக்கடை, டைல்ஸ், வயரிங் | 80,000 | 30,000 |
| வணிக கேஸ் இணைப்பு | 20,000 | 15,000 |
| தண்ணீர்த் தொட்டி, ஆர்.ஓ. | 30,000 | 25,000 |
| உணவுப் பாதுகாப்பு அனுமதி, பெயர்ப்பலகை | 25,000 | 15,000 |
| கையிருப்பு | 1,50,000 | 80,000 |
| மொத்தம் | 7,35,000 | 3,63,000 |

கையிருப்பைத் தொடாமல் வைப்பது கட்டாயம். மே மாத வாடகை அதிலிருந்துதான் போகும். வீட்டு சிலிண்டரைக் கடையில் வைக்கக் கூடாது. 19 கிலோ வணிக சிலிண்டர்தான்.

ஆர்.ஓ. ஆடம்பரம் இல்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காகத்தான் வந்தது. போர் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது, நீர் ஆவியாவதால் அடர்த்திதான் கூடும். அதோடு உப்புத் தண்ணீரில் துவரம்பருப்பு சீக்கிரம் குழையாது. அரை மணி கூடுதலாகக் கேஸ் எரியும், சாம்பார் தனியாக நிற்கும். மாஸ்டரைக் குறை சொல்வதற்கு முன் தண்ணீரைப் பாருங்கள். சமையலுக்கும் குடிக்கவும் குழாய் நீர் அல்லது ஆர்.ஓ., கழுவ மட்டும் போர்.

இப்போது வரவு. ஓட்டலில் கல்லூரி நாளில் டிபன் 60 பேருக்கு 40 ரூபாய் வீதம் 2,400, சாப்பாடு 48 பேருக்கு 80 வீதம் 3,840, மாலை டீ பலகாரம் 1,500, ஆக 7,740. மளிகை, காய், கேஸ், இலை பாதியைத் தின்றுவிடும்; மிச்சம் 3,870. விடுமுறை நாளில் 2,700 விற்றால் நிற்பது 1,350. ஆண்டுக்கு மொத்தம் 9,12,600. செலவில், மாஸ்டர், உதவியாள், இரண்டு சப்ளையர், பாத்திரம் கழுவுபவர் என்று கல்லூரி நாள் கூலி 2,900. ஆளைக் குறைத்தாலும் விடுமுறை நாளில் 1,600. இதுவே 7,78,000. வாடகை மாதம் 18,000, மின்சாரமும் தண்ணீரும் 6,000 சேர்த்தால் 10,66,000. முதலாளிக்குச் சம்பளமே போடாமல் ஒன்றரை லட்சம் கைநஷ்டம்.

கவுண்டரில் டிபன் 70 பேருக்கு 35 வீதம் 2,450, கலவை சாதம் 110 தட்டுக்கு 40 வீதம் 4,400, மாலை சுண்டல், போண்டா, டீ 1,150, ஆக 8,000. சரக்குக்கு 45 சதவீதம் போக 4,400 நிற்கும். விடுமுறையில் காலை டிபன் மட்டும் போட்டு 2,000 விற்றால் 1,100. ஆண்டுக்கு 9,68,000. கூலி கல்லூரி நாளில் 1,700, மற்ற நாளில் 700. வாடகை 8,000, மின்சாரம் தண்ணீர் 3,500. செலவு 5,56,000 போக 4,12,000 கையில். மாதம் 34,000 சொச்சம். ஆனால் இது கணவனும் மனைவியும் சேர்ந்து நின்றால் வருவது, கடன் தவணையும் இதிலிருந்துதான். இருவர் கூலி என்று பிரித்துப் பார்த்தால் பெரிய லாபம் இல்லை. நஷ்டம் இல்லாத பிழைப்பு.

இரண்டிலும் ஆண்டு விற்பனை 20 லட்சத்துக்குள் நிற்பதால் ஜி.எஸ்.டி. பதிவு தேவைப்படாது. தாண்டினால் பதிவு செய்து 5 சதவீதம் கட்ட வேண்டும்.

கவுண்டருக்கும் வினை உண்டு. 110 தட்டுக்கு 12 கிலோ அரிசி வேண்டும். ஒரு கிலோவுக்கு ஒன்பது தட்டு. மொத்தத்தையும் காலையிலேயே வடித்து வைத்தால், திடீர் லீவு விட்ட நாளில் பாதி குப்பைக்குப் போகும். 11 மணிக்கு 7 கிலோ, கல்லூரிக் கூட்டம் பார்த்து 12 மணிக்கு மீதி என்று இரண்டு ஈடாக வடிக்க வேண்டும். எலுமிச்சைச் சாறை அடுப்பை அணைத்த பிறகே சேர்க்க வேண்டும், கொதித்தால் கசக்கும். தயிர் சாதத்துக்குப் பாலை அதிகம் விட்டுத் தயிரைக் குறைத்தால் ஒரு மணிக்குள் புளிக்காது. சாம்பார் சாதம் நேரம் ஆக ஆக இறுகும். பக்கத்தில் வெந்நீர் இருக்கட்டும். மிஞ்சிய சாதத்தை மாலைக்கு வைக்கவே கூடாது. வெதுவெதுப்பாகக் கிடக்கும் சோற்றில் கிருமி பெருகும், மறுபடி சூடாக்கினாலும் அதன் நச்சு அழியாது.

கவுண்டரின் உண்மையான பலம் தக்காளியில் தெரியும். பாலக்கோடு சந்தையிலேயே விலை சட்டென்று ஏறும், இறங்கும். ஆறு கிலோ அரிசிக்குத் தக்காளி சாதம் போட மூன்று கிலோ தக்காளி. கிலோ 20 ரூபாயிலிருந்து 100 ஆனால் ஒரு நாளைக்கு 240 ரூபாய் கூடுதல். கவுண்டரில் அன்று புளியோதரை, கறிவேப்பிலை சாதம் என்று பலகையை மாற்றி எழுதினால் போதும். இலைச் சாப்பாட்டில் ரசத்தை நிறுத்த முடியுமா?

பார்சலுக்கு மந்தாரை இலை அல்லது வாழையிலைதான். பிளாஸ்டிக் தாளும் பிளாஸ்டிக் பூச்சுள்ள தட்டும் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை, சிக்கினால் அபராதம்.

ஓட்டல் எப்போது தேறும்? முதலாளிக்கு மாதம் 25,000 நிற்க வேண்டுமென்றால் விடுமுறை நாள் விற்பனை 2,700-லிருந்து 8,400 அளவுக்கு ஏற வேண்டும், அதுவும் கூலி கூடாமல். அதாவது கல்லூரியே இல்லாவிட்டாலும் கடை ஓடும் அளவுக்கு வேறு கூட்டம் வேண்டும்: மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, நீதிமன்றம், பேருந்து நிலையம் போன்றவை நடக்கும் தூரத்தில் இருந்தால் ஓட்டலை யோசிக்கலாம். அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒரு செவ்வாய்க்கிழமை மதியமும் ஒரு ஞாயிறு மதியமும் அந்த இடத்தில் நின்று, பக்கத்துக் கடைகளில் எத்தனை பேர் நுழைகிறார்கள் என்று எண்ணுங்கள். ஞாயிறு எண்ணிக்கை 30-க்குக் கீழே என்றால் கவுண்டரோடு நில்லுங்கள். மே மாதத்துக்குப் பாதி வாடகை என்பதை வாய்ப்பேச்சாக விடாமல் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.