சளியில் ரத்தம்: டிபியா, நண்டுப் புழுவா?

என் மனைவியின் தம்பிக்கு 36 வயது. துவாஸில் ஒரு கிடங்கில் வேலை. மூன்று மாதமாக இருமல், காலையில் சளியோடு பழுப்பாக ரத்தம். எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் நடுப்பகுதியில் ஒரு வெள்ளைத் திட்டு, அடியில் கொஞ்சம் நீர். டிபி என்று சொல்லி மருந்து தொடங்கிவிட்டார்கள். சிங்கப்பூரில் டிபி மருந்து சாப்பிடுவது எப்படி என்று தெரிந்திருக்கும், பாலிகிளினிக்குக்குப் போய் தாதியின் கண்முன்னே விழுங்க வேண்டும், முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, அப்புறம் நான்கு மாதம் இரண்டு. ஏழு வாரம் ஒழுங்காகச் சாப்பிட்டான். இருமல் கொஞ்சம் அடங்கியது, திரும்பவும் வந்தது. கடைசியில் அது டிபியே இல்லை. பாராகோனிமஸ் என்ற நுரையீரல் தட்டைப்புழு.

நான் இருபது வருடம் ஆய்வகத்தில் நுட்பராக இருந்தவன். அதனால் மருத்துவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இரண்டு நோயையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யார்தான் தடுமாறமாட்டார்கள்?

முதலில் ரத்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். டிபியில் கிருமி நுரையீரல் திசுவை அரித்துக் குழியாக்குகிறது, அந்தக் குழி ரத்தக்குழாயைத் தொட்டால் ரத்தம். புழுவின் வழி வேறு. ஆற்று நண்டையோ நன்னீர் கிரேஃபிஷையோ பச்சையாகத் தின்றால் உள்ளே இருக்கும் இளம்புழு குடலைத் துளைத்து வயிற்றறைக்குள் வந்து, உதரவிதானத்தைத் தாண்டி, நெஞ்சுக்குள் ஏறி நுரையீரலில் தங்குகிறது. அங்கே ஒரு காப்பிக்கொட்டை அளவுக்கு வளர்கிறது. உடல் அதைச் சுற்றி ஒரு பை கட்டுகிறது, பெரும்பாலும் ஒரே பைக்குள் இரண்டு புழுக்கள். அந்தப் பை மூச்சுக்குழாய்க்குள் உடையும்போது ரத்தமும் சீழும் புழு முட்டைகளும் சேர்ந்து இருமலில் வெளியே வரும். தின்ற நாளிலிருந்து முட்டை வர ஏறத்தாழ இரண்டு மூன்று மாதம் ஆகும், அதற்குள் என்ன தின்றோம் என்பது யாருக்கு ஞாபகம் இருக்கும்!

நோயாளியைப் பார்த்தால் ஒரு வித்தியாசம் தெரியும். டிபிக்காரர் இளைத்துப் போவார், மாலையில் காய்ச்சல், இரவில் வியர்வை. புழுக்காரர் பல நேரம் நன்றாகவே சாப்பிட்டுக்கொண்டு வேலைக்குப் போய்க்கொண்டிருப்பார், ஆனால் துரு நிறச் சளி மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் போகாது. தம்பிக்கு எடை ஒரு கிலோகூடக் குறையவில்லை. இது குறிப்புதான், தீர்ப்பு இல்லை, ஏனென்றால் ஆரம்ப டிபியிலும் இளைக்காதவர்கள் உண்டு.

எக்ஸ்ரே இன்னும் குழப்பம். டிபி நுரையீரலின் மேல்பகுதியை விரும்பும், புழு நடுப்பகுதி, கீழ்ப்பகுதி, ஓரம் என்று உட்காரும், நுரையீரலைச் சுற்றியுள்ள உறைக்குள் நீர் சேர்க்கும். ஆனால் டிபியும் நீர் சேர்க்கும், புழுவும் குழி மாதிரி வளையம் காட்டும். தம்பிக்கு டிபி ரத்தப் பரிசோதனை பாசிட்டிவ் என்று வந்ததுதான் எல்லாரையும் அந்தப் பக்கம் தள்ளியது. தஞ்சாவூரில் பிறந்து வளர்ந்தவனுக்கு அது பாசிட்டிவாக வருவதில் ஆச்சரியம் இல்லை. அந்தப் பரிசோதனை எப்போதோ கிருமி உள்ளே போயிருக்கிறது என்று மட்டும்தான் சொல்லும், இப்போதைய இருமலுக்கு அதுதான் காரணம் என்று சொல்லாது.

இப்போது என் துறைக்கு வருகிறேன், எனக்கு மிகவும் வலிப்பது இங்கேதான். ஒரே சளி, இரண்டு பார்வை. டிபி கிருமி மிகச் சிறியது, சில மைக்ரான் நீளம்தான், அதனால் சளிக்குச் சாயம் போட்டு, எண்ணெய் விட்டு, ஆயிரம் மடங்கு பெரிதாக்கிப் பார்ப்போம். புழு முட்டை 80 முதல் 120 மைக்ரான், பொன்பழுப்பு நிறம், ஒரு முனையில் மூடி. அதற்கு நூறு மடங்கே தாராளம். ஆயிரம் மடங்கில் நீங்கள் பார்க்கும் வட்டத்தில் ஏறத்தாழ பாதியை அது அடைத்துக்கொள்ளும், சிவப்புக் குச்சியாகத் தெரியும் டிபி கிருமியைத் தேடும் கண் அதை ஏதோ குப்பை என்று தாண்டிப் போய்விடும். டிபி சாயம் முட்டையைச் சிதைத்துவிடும் என்று பழைய பாடத்தில் படித்தோம், ஆனால் 2011-இல் லாவோஸிலிருந்து வந்த ஓர் ஆய்வு அந்தச் சாயத்திலேயே முட்டைகளைப் பார்க்க முடியும் என்று காட்டியது. அதாவது முட்டை கண்ணாடியில் இருந்திருக்கிறது, குறைந்த பெருக்கத்தில் ஒருமுறை ஓட்டிப் பார்க்காததுதான் குறை.

தம்பியின் சளியில் மூன்று முறையும் டிபி கிருமி இல்லை, மரபணுப் பரிசோதனையிலும் இல்லை, கல்ச்சரிலும் வளரவில்லை. கிருமி தெரியாத டிபியும் உண்மையில் உண்டு, அதனால் "நெகட்டிவ்" என்றதும் நிறுத்த முடியாது. ஆனால் அவனுடைய முதல் ரத்த அறிக்கையில் ஈசினோஃபில் என்ற வெள்ளை அணு மைக்ரோலிட்டருக்கு 1,900 என்று இருந்தது, 500-க்குள் இருக்க வேண்டியது. டிபி அப்படி ஏற்றாது. (குடற்புழு, ஒவ்வாமை எல்லாம் ஏற்றும். பழைய நுரையீரல் புழுவில் அது இயல்பாகவும் திரும்பிவிடும்.) அந்த எண்ணைப் பார்த்துத்தான் கேட்டேன், "டேய், எங்கேயாவது பச்சை நண்டு தின்றாயா?"

"ஆமாம் அத்தான், மணிப்பூர்ல. கூட வேலை செய்றவன் கல்யாணத்துக்குப் போனேனே, அங்கே ஆத்து நண்டை இடிச்சு மிளகாயோட துவையலா வச்சாங்க."

மணிப்பூர், அருணாசலம், நாகாலாந்து எல்லாம் இந்தப் புழு இருக்கும் பகுதிகள். மிளகாயின் காரம் அதைக் கொல்லாது, வினிகரோ மதுவோ நம்பத் தக்கதில்லை, நன்றாக வெந்தால்தான் சாகும். நம்மூர் சில்லி கிராப் வெந்தது, அதுவும் கடலோர நண்டு, அதைத் தொட்டுப் பயப்பட வேண்டாம். ஆற்று நண்டை மதுவில் ஊறவைத்துப் பச்சையாகத் தரும் சீன உணவு வேறு கணக்கு.

அவன் போய்ச் சொன்னதும் மருத்துவர் உடனே சளியில் முட்டை தேடச் சொன்னார், கிடைத்தது. அப்புறம்தான் யாரும் எதிர்பார்க்காத ஒரு சிக்கல். புழுவுக்கு மருந்து பிராசிகுவாண்டல், ஒரு கிலோ எடைக்கு 25 மில்லிகிராம், நாளுக்கு மூன்று வேளை, இரண்டு அல்லது மூன்று நாள். 60 கிலோ ஆளுக்கு ஒரு வேளைக்கு 1,500 மில்லிகிராம், 600 மில்லிகிராம் மாத்திரையில் இரண்டரை. அவ்வளவுதான். ஆனால் டிபி மருந்தில் ஒன்றான ரிஃபாம்பிசின் கல்லீரலைத் தூண்டி பிராசிகுவாண்டலை ரத்தத்தில் தங்கவிடாமல் செய்துவிடும், இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் புழு தப்பித்துக்கொள்ளும். டிபி இல்லை என்று உறுதியானதும் அந்த மருந்தை நிறுத்திவிட்டு நான்கு வாரம் காத்திருந்தான், இருமிக்கொண்டே. இடையில் தலைவலி, வலிப்பு உண்டா என்று கேட்டு மூளை ஸ்கேனும் எடுத்தார்கள், ஏனென்றால் புழு சிலருக்கு வழிதவறி மூளைக்குப் போகும், அப்படிப்பட்டவருக்கு மருந்து கொடுக்கும் முறையே வேறு.

மூன்று நாள் மாத்திரை. ஒரு மாதத்தில் சளி வெள்ளையானது, எக்ஸ்ரே திட்டு மறைய இன்னும் சில மாதம் பிடித்தது. கல்யாண வீட்டில் அதே துவையலைத் தின்ற நண்பனையும் சளிப் பரிசோதனைக்கு அனுப்பினான். அவனுக்கு இருமலே இல்லை, விலாவில் மட்டும் ஒரு மாதமாக வலியாம்.