தண்ணீர் வராத நாளுக்கான நோட்டீஸும் என் இலக்கணத் திருத்தியும்

“ஏனுங்க, வாடகைக்காரங்களுக்கு இங்கிலீஷ் நோட்டீஸ் போட ஒரு செயலி வெச்சிருக்கீங்களே, அதைக் காசு கட்டி வாங்கலாமுங்களா?” என்று திருப்பூர் நண்பர் கேட்டார். கோவையில் எங்கள் குடியிருப்பில் ஒடிசா, கேரளக் குடும்பங்கள் நிறைய உண்டு. அதனால் ஒரு வருஷத்துக்கு மேலாக ஒவ்வொரு நோட்டீஸும் அந்த இலக்கணத் திருத்திச் செயலியில் திருத்தித்தான் ஒட்டப்படுகிறது.

இலக்கணத்தில் அதைக் குறை சொல்ல முடியாது. சூப்பர்வைசர் தம்பி ‘வாட்டர் வில் பி நாட் தேர்’ என்று எழுதினால், நொடியில் ‘வாட்டர் வில் நாட் பி அவைலபிள்’ என்று மாற்றிவிடும். ஒருமை, பன்மை, எழுத்துப்பிழை எல்லாம் சுத்தம்.

எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். போர் மோட்டாரை வெளியே தூக்கிப் பழுது பார்க்க வேண்டியிருந்தது. ‘வாட்டர் சப்ளை வில் பி ஸ்டாப்டு டுமாரோ 10 டு 5’ என்பது தம்பி எழுதிய வரி. செயப்பாட்டு வினை என்று அடிக்கோடு போட்டு, ‘வீ வில் ஸ்டாப் யுவர் வாட்டர் சப்ளை’ என்று மாற்றச் சொன்னது செயலி. இலக்கணப்படி சரிதான். ஆனால் வாடகை பாக்கி வைத்திருக்கும் ஒருவர் அதைப் படித்தால், பணம் கட்டாததால் வீட்டுக்காரர் தண்ணீரை நிறுத்துகிறார் என்றுதான் நினைப்பார். மோட்டார் பழுதில் யார் மேலும் தப்பில்லை. அங்கே ‘நாங்கள்’ எதற்கு?

அப்புறம் அந்த ‘டுமாரோ’. செவ்வாய் மாலை ஒட்டிய நோட்டீஸை, இரவு வேலை முடிந்து வருபவர் புதன் காலையில் லிஃப்ட் பக்கத்தில் பார்ப்பார். அவருக்கு நாளை என்றால் வியாழன். பக்கெட்டில் தண்ணீர் பிடித்து வைக்க மாட்டார். எந்தத் தண்ணீர் என்பதும் வரியில் இல்லை. எங்களுக்குக் குளிக்க, துவைக்க உப்புத் தண்ணி போரிலிருந்து. சமையலறைக்கு மாநகராட்சி நல்ல தண்ணி, தனி சம்ப்பிலிருந்து. நிற்கப்போவது முதலாவது மட்டும். இத்தனையும் விடுபட்ட வரிக்கு, அடிக்கோட்டை நீக்கியதும் செயலி முழு மதிப்பெண் கொடுத்துவிட்டது.

ஒட்டும் முன் நானே மாற்றினேன். முதல் வரியில் புதன்கிழமை, தேதி, காலை 10 முதல் மாலை 5 வரை போர் தண்ணீர் வராது. அடுத்து, சமையலறைக் குழாயில் வழக்கம்போல வரும். மோட்டார் பழுது என்ற காரணம் கடைசியில். முந்தின இரவே பிடித்து வைக்கச் சொல்லி ஒரு வரி, சூப்பர்வைசர் எண். ‘கைண்ட்லி கோஆபரேட்’ தேவைப்படவில்லை.

நண்பரிடம் வாங்க வேண்டாம் என்றே சொல்லிவிட்டேன். இலவசப் பதிப்பே அவருக்குப் போதும். என் சந்தா அடுத்த மாதம் முடிகிறது, அதைப் புதுப்பிக்கத்தான் போகிறேன்; தம்பியின் ‘நாட் தேர்’ஐத் திருத்த எனக்குப் பொறுமை இல்லை.