மோட்டார் கால் உடைஞ்சா வெல்டிங்கா, புட்டியும் போல்ட்டுமா?

எங்க 1 எச்பி மோனோபிளாக் மோட்டாரோட காஸ்ட் அயர்ன் கால் ஒண்ணு போல்ட் ஓட்டைய ஒட்டி ரெண்டா உடைஞ்சுடுச்சு, வெல்டிங்கா புட்டியான்னு ரெண்டையும் விசாரிச்சு கடைசில எபாக்ஸி புட்டியும் போல்ட்டும் சேர்த்துதான் போட்டேன், இன்னிக்கும் ஓடுது.

வெல்டிங் கெட்டதுன்னு சொல்லல. ஆனா காஸ்ட் அயர்னுக்கு நிக்கல் ராடு வேணும், நல்லா சூடு பண்ணி அடிச்சு மெதுவா ஆறவிடணும், இல்லன்னா வெல்டுக்குப் பக்கத்துலயே புதுசா விரிசல் விடும். மோட்டார் பாடின்னா அந்த சூட்டுக்கு வைண்டிங்கயும் கழட்டணும். வெறும் புட்டி மட்டும் வேண்டவே வேண்டாம், அமுக்கினா தாங்கும், இழுவைக்கும் அதிர்வுக்கும் பிச்சுக்கும்.

எனக்கு முடிவு பண்ண வச்சது ஒரே விஷயம்தான், கால் ஏன் உடைஞ்சுதுங்கிறது. மூணு போல்ட்டையும் டைட்டா வச்சுட்டு நாலாவதை லூஸ் பண்ணிப் பாருங்க, கால் லேசா மேல எழும்புனா அதுக்கும் மேடைக்கும் நடுவுல சந்து இருக்குன்னு அர்த்தம். அந்த சந்தோட போல்ட்டை முறுக்கினா காஸ்ட் அயர்ன் வளையாது, உடைஞ்சுதான் போகும். வெல்டிங் விரிசலை மூடும், சந்தை மூடாது, சூட்டுல கால் கோணுனா சந்து இன்னும் பெருசாகும். புட்டி அந்த சந்தோட வடிவத்துக்கே போய் உக்காந்து கெட்டியாயிடும், அமுக்கற வேலை மட்டும்தான் அதுக்கு, இழுவைய போல்ட்டும் மேல போடுற இரும்புப் பட்டையும் பாத்துக்கும்.

செஞ்சது இப்படி: பியூஸை எடுத்துட்டு மோட்டாரை இறக்கி, உடைஞ்ச முகத்தை ஒயர் பிரஷ்ஷால தேய்ச்சு தின்னர்ல துடைச்சேன், பழைய காஸ்ட் அயர்ன்ல எண்ணெய் ஊறியிருக்கும், அதனால லேசா சூடு காட்டி கசிஞ்சதை மறுபடி துடைக்கணும். புட்டியோட ரெண்டு பாகத்தையும் கோடு தெரியாம ஒரே நிறமா வர்ற வரைக்கும் பிசைஞ்சு துண்டை ஒட்டினேன். மேல 6 எம்எம் எம்எஸ் பட்டை, ஒரு முனை நல்ல பக்கத்துல ரெண்டு எம்8 போல்ட்ல, மறு முனை உடைஞ்ச துண்டு மேல மேடை போல்ட்டுக்கு அடியில. மேடை மேல பாலித்தீன் ஷீட், அதுக்கு மேல காலுக்கு அடியில புட்டி, போல்ட் மரைக்கு கிரீஸ். இந்த ஷீட்டையும் கிரீஸையும் விட்டுட்டா அப்புறம் பேரிங் மாத்த மோட்டாரைத் தூக்கவே முடியாது. அன்னிக்கு கைமுறுக்கு மட்டும், புட்டி பிதுங்கி வந்தா போதும், 24 மணி நேரம் கழிச்சுதான் ஸ்பேனர்.

ஓட ஆரம்பிச்ச பிறகு பட்டை ஓரத்துல துரு நிறத்துல பொடி கொட்டுதான்னு பாருங்க, கொட்டுனா உள்ள உரசுது, போல்ட் லூஸ். என் அனுபவம் 1 எச்பிக்குதான், 5 எச்பி மாதிரி பெரிய மோட்டாருக்கோ கால்ல கை வைக்க முடியாத அளவுக்கு சூடாகிற மோட்டாருக்கோ இதை நம்பி செய்யச் சொல்ல மாட்டேன், அங்க சூட்டுல புட்டி இளகும், பாடியே மாத்திடுங்க.