முன்னோட்ட வரிகள்: தானாக வெட்டுவதா, கோடு கிழிப்பதா, கையால் எழுதுவதா?

வேர்ட்பிரஸ் தளத்தின் பகுப்புப் பக்கத்தில் ஒவ்வொரு தலைப்புக்கும் கீழே வரும் முன்னோட்ட வரிகள் மூன்று வழிகளில் உருவாகின்றன. ஒன்றும் செய்யாமல் விட்டால் மென்பொருளே பதிவின் முதல் 55 சொற்களை வெட்டி வைக்கும். பதிவின் நடுவே `<!--more-->` என்ற வெட்டுக்கோட்டை இட்டால், வார்ப்புரு முழுப் பதிவையும் காட்டும் வகையாக இருக்கும்பட்சத்தில், அந்த இடம் வரை அப்படியே வரும். எழுதும் திரையில் Excerpt என்ற கட்டத்தை நிரப்பினால், நாம் எழுதியதே வரும்.

மனை வாங்குவோருக்கான பதிவு ஒன்றை எடுத்துக்கொள்வோம். தலைப்பு: ‘வில்லங்கச் சான்று மட்டும் போதுமா?’ தானாக வெட்டிய முன்னோட்டம் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும்: “வணக்கம் நண்பர்களே! சென்ற பதிவில் பட்டாவைப் பற்றி விரிவாகப் பார்த்தோம். பலரும் கருத்துத் தெரிவித்திருந்தீர்கள், நன்றி. வில்லங்கச் சான்று என்றால் என்ன? வில்லங்கச் சான்று என்பது…”. உள்தலைப்பும் அதன் கீழுள்ள வாக்கியமும் ஒரே பத்தியாக ஒட்டிக்கொண்டதைக் கவனியுங்கள். வெட்டும்போது வடிவமைப்பு முழுவதும் நீங்கிவிடுவதால் இப்படி ஆகிறது. ஒரு பக்கத்தில் வழக்கமாகப் பத்துப் பதிவுகள் வரும் என்பதால், வாசகர் பத்து வணக்கங்களை வரிசையாகக் கடந்து போக வேண்டியிருக்கும். மேலும், 55 என்பது ஆங்கிலத்துக்குப் பொருத்தமான அளவு. வேற்றுமை உருபும் துணைவினையும் ஒட்டி நீளும் தமிழ்ச் சொற்களில் அதே எண்ணிக்கை கைப்பேசித் திரையில் மிகுதியான இடத்தை அடைத்துக்கொள்ளும். இந்த வழியிலேயே இருக்க விரும்புவோர், வார்ப்புருவின் functions.php கோப்பில் அளவைக் குறைத்துக்கொண்டு, முதல் வாக்கியத்திலேயே விஷயத்தைத் தொடங்கிவிடுவது நல்லது:

```php
add_filter( 'excerpt_length', function () {
    return 22;
}, 999 );
```

கோடு கிழிக்கும் வழிக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. ‘தொடர்ந்து படிக்க’ இணைப்பைச் சொடுக்கும் வாசகர் பதிவின் தலைப்பகுதிக்குப் போகாமல், விட்ட இடத்திலேயே இறங்குவார். ஆகவே தொடக்க நடையே வாசகரை இழுக்கக்கூடிய சிறுகதைக்கும் பயணக் கட்டுரைக்கும் இதுவே ஏற்றது. மனைப் பதிவு போன்ற தகவல் கட்டுரைக்கு இது உதவாது. வணக்கம் அப்படியே நிற்கும், கோட்டுக்கு மேலே படம் இருந்தால் அதுவும் வந்து பக்கத்தை ஏற்ற இறக்கமாக்கும்.

கையால் எழுதுவதே என் தேர்வு. ஆனால் கட்டத்தை எப்படியாவது நிரப்பினால் போதாது. அதற்குள்ளும் போட்டி வழிகள் உண்டு. “இப்பதிவில் வில்லங்கச் சான்று மட்டும் போதுமா என்பது விளக்கப்பட்டுள்ளது” என்று எழுதினால், தலைப்பையே வேறு சொற்களில் திரும்பச் சொன்னதாகிறது. “இது தெரியாமல் மனை வாங்கினால் அவ்வளவுதான்!” என்று மிரட்டினால் ஒருமுறை சொடுக்குவார்கள், உள்ளே சரக்கு இல்லை என்று கண்டால் அடுத்த மிரட்டலை நம்பமாட்டார்கள். (யூடியூப் தலைப்புகளின் பழக்கம் எழுத்துக்கும் தொற்றிவிட்டது.) நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

“வில்லங்கச் சான்றில் எதுவும் இல்லை என்பதற்காக முன்பணம் கொடுத்துவிட வேண்டாம். பதிவு செய்யாத உயில் அதில் தெரியாது. விற்பவரிடம் கேட்டு வாங்க வேண்டிய வேறு மூன்று ஆவணங்கள் எவை?”

முதல் வாக்கியம் வாசகர் செய்யவிருக்கும் காரியத்தைப் பற்றிப் பேசுகிறது. இரண்டாவது, சொடுக்காதவருக்கும் பயன்படும் ஓர் உண்மையைக் கொடுத்துவிடுகிறது. அதனால்தான் உள்ளே இன்னும் இருக்கும் என்ற நம்பிக்கை பிறக்கிறது. மூன்றாவது, கொடுக்காமல் வைத்திருப்பது இன்னது என்று துல்லியமாகச் சொல்கிறது. அந்த மூன்று ஆவணங்களையும் முன்னோட்டத்திலேயே பட்டியலிட்டிருந்தால் வாசகர் நன்றி சொல்லிவிட்டு அங்கிருந்தே நகர்ந்துவிடுவார். பதிவுக்குள் உண்மையிலேயே மூன்று இருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. மொத்தம் இருபது சொற்களைச் சற்றே தாண்டுகிறது. அதற்கு மேல் நீட்டினால் பட்டியலை மேலோட்டமாகப் பார்த்துச் செல்லும் கண் அங்கே நிற்காது.

இந்த வழியின் குறை உழைப்புதான். நூற்றுக்கணக்கான பழைய பதிவுகள் இருந்தால் எல்லாவற்றுக்கும் எழுத உட்கார வேண்டாம். ஒவ்வொரு பகுப்பின் முதல் பக்கத்தைத் திறந்து பாருங்கள். முன்னோட்டத்தின் இறுதியில் […] என்று நின்றால் அது பெரும்பாலும் தானாக வெட்டியது என்று பொருள். அவற்றிலும் வணக்கத்தில் தொடங்குபவற்றை முதலில் மாற்றி, மற்றவற்றை 22 சொல் வரம்புக்கு விட்டுவிடலாம்.

எழுதிய பிறகு ஒன்றைச் சரிபார்க்க வேண்டும். பழைய வகை வார்ப்புருக்கள் கையால் எழுதியதைப் பொதுவாக வெட்டுவதில்லை. புதிய பிளாக் வார்ப்புருக்களில் உள்ள Excerpt பிளாக்கின் சொல் வரம்போ நாம் எழுதியதற்கும் பொருந்தும். அந்த வரம்பைப் பதினைந்தாக வைத்திருந்தால், மேலே உள்ள முன்னோட்டத்தில் வாசகரை உள்ளே அழைக்கும் கடைசிக் கேள்வி முதல் இரண்டு சொற்களோடு நின்றுபோகும்.