‘மேற்கொள்ளப்படுகிறது’ என்பதா, ‘பண்ணுவோம்’ என்பதா: ஒரே ஸ்லைடுக்கு இரண்டு குரல்

அலுவலகக் கோப்புகளை எப்படிக் காப்பி எடுத்து வைக்கிறோம் என்று விளக்கும் 11 ஸ்லைடுகள் கையில் இருந்தன. புதிதாகச் சேர்பவர்கள் கேட்பதற்காக அவற்றைக் குரல் பதிவாக மாற்ற வேண்டும். எழுத்துத் தமிழில் ஒன்று, பேச்சுத் தமிழில் ஒன்று என இரண்டு ஸ்கிரிப்ட் எழுதிப் பார்த்தேன். கடைசியில் பேச்சுத் தமிழையே எடுத்துக்கொண்டேன். ஆகவே இது நடுநிலையான தீர்ப்பு இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எல்லோருக்கும் தெரிந்ததைச் சுருக்கமாக முடித்துக்கொள்வோம். எழுத்துத் தமிழ் எந்த ஊர்க்காரருக்கும் பொது, மிடுக்கானது, பிழை திருத்துவது எளிது. பேச்சுத் தமிழ் காதுக்கு நெருக்கமானது, ஆனால் கொஞ்சம் தவறினாலும் அரட்டையாகிவிடும். இதெல்லாம் சரிதான். ஆனால் என்னை முடிவெடுக்க வைத்தது இவற்றில் எதுவும் இல்லை, ஆறாவது ஸ்லைடில் இருந்த ஒரே ஒரு வரி.

அந்த ஸ்லைடில் மூன்று வரிகள். தினசரி இரவு 11 மணிக்குத் தானியங்கி நகல். மாதம் ஒருமுறை மீட்டெடுப்புச் சோதனை. தோல்வி ஏற்பட்டால் உடனடித் தகவல். பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. எழுத்துத் தமிழில் இதைப் பேச்சாக்குவது ஐந்து நிமிட வேலை:

“ஒவ்வொரு நாளும் இரவு 11 மணிக்குக் கோப்புகள் தானாக நகலெடுக்கப்படுகின்றன. மாதம் ஒருமுறை மீட்டெடுப்புச் சோதனை மேற்கொள்ளப்படுகிறது. நகலெடுப்பு தோல்வியுற்றால் உடனடியாகத் தகவல் தெரிவிக்கப்படும்.”

இலக்கணம் சுத்தம், வாசிக்கவும் தடங்கல் இல்லை. அடுத்து அதையே பேச்சுத் தமிழில் எழுத உட்கார்ந்தேன். முதல் வரி வந்துவிட்டது: “தினம் ராத்திரி பதினோரு மணிக்கு நம்ம ஃபைல் எல்லாத்தையும் சர்வர் தானே காப்பி எடுத்து வச்சிடும். அதுக்காக நீங்க எதுவும் பண்ண வேண்டாம்.” இரண்டாவது வரியில் பேனா நின்றுவிட்டது. “மாசம் ஒரு தடவை…” யார்? வீட்டிலோ தேநீர் இடைவேளையிலோ யாரும் “சோதனை மேற்கொள்ளப்படுகிறது” என்று பேசுவதில்லை. பேச்சில் ‘படு’ போட்டு வினையை முடிப்பது மிக அரிது. ஒருவர் செய்கிறார் என்றுதான் வாக்கியம் அமையும். ஆனால் அந்த ஒருவர் யாரென்று ஸ்லைடில் இல்லை.

கேட்டுப் பார்த்தேன். சர்வரைப் பார்த்துக்கொள்பவர், “அந்தந்தப் பிரிவுதான் தன் ஃபைலைத் திறந்து பார்க்கணும்” என்றார். பிரிவுத் தலைவர், “அது சர்வர் ஆளுங்க வேலை இல்லையா?” என்றார். ஸ்லைடு தயாரித்தவர் சற்று யோசித்துவிட்டு, “பண்ணணும்னு முடிவு பண்ணோம்…” என்று இழுத்தார். மாதாமாதம் நடப்பதாக எழுதியிருந்த சோதனை ஒரு மாதம்கூட நடந்திருக்கவில்லை. எழுத்துத் தமிழ் ஸ்கிரிப்ட் அந்த ஓட்டையின் மேல் வழுவழுப்பாகப் பூசிவிட்டுப் போயிருந்தது. அதை எழுதிய எனக்கே உறைக்கவில்லை.

ஸ்லைடு என்றாலே பெயர்ச்சொற்களின் அடுக்கு. வினையும் இருக்காது, செய்பவரும் இருக்கமாட்டார். எழுத்துத் தமிழ் அந்தப் பெயர்ச்சொல்லை அப்படியே வைத்துக்கொண்டு, பின்னால் ‘மேற்கொள்ளப்படுகிறது’, ‘வழங்கப்படும்’, ‘உறுதிசெய்யப்படுகிறது’ என்று ஒரு வாலை ஒட்ட அனுமதிக்கிறது. வால் ஒட்டியதும் அது வாக்கியம் போலத் தோன்றும், ஆனால் ஸ்லைடில் இல்லாத எந்தச் செய்தியும் அதில் கூடியிருக்காது. பேச்சுத் தமிழில் இந்த வாலை ஒட்ட முடியாது. எழுவாயைத் தேடிப் போயே ஆகவேண்டும்.

தேடிக் கண்டுபிடித்த பிறகும் இன்னொரு கேள்வி காத்திருக்கிறது: ‘நாம’ என்பதா, ‘நாங்க’ என்பதா? “நாம மாசம் ஒரு தடவை சோதனை பண்ணுவோம்” என்றால் கேட்பவருக்கும் அதில் பங்கு உண்டு. “நாங்க பண்ணுவோம்” என்றால் அவர் சும்மா இருக்கலாம். ஒரு சொல்லில் யார் வேலை என்பதே மாறிவிடுகிறது. எழுத்துத் தமிழிலும் ‘நாம்’, ‘நாங்கள்’ இரண்டும் இருக்கின்றன. ஆனால் ‘படுகிறது’ போட்டு முடித்தால் அந்தத் தேர்வே எழுவதில்லை. மூன்று பேரையும் உட்காரவைத்துப் பேசிய பிறகு அந்த வரி இப்படி ஆனது: “மாசத்தோட முதல் திங்கக்கிழமை, உங்க பிரிவுல ஒருத்தர் ஏதாவது அஞ்சு ஃபைலைக் காப்பியிலேர்ந்து திரும்ப எடுத்து, திறந்து பார்க்கணும். திறக்கலைன்னா அன்னிக்கே எங்களுக்குச் சொல்லணும்.” ஸ்லைடின் மூன்றாவது வரிக்கும் இதே சிகிச்சைதான்: தகவல் யாருக்குப் போகும், எதன் வழியாகப் போகும், பார்த்தவர் என்ன செய்ய வேண்டும்.

பேச்சுத் தமிழ் தானாகவே நேர்மையாகிவிடும் என்று நினைத்துவிடக் கூடாது. அதற்கும் ஒரு ஒளிவிடம் உண்டு. “மாசம் ஒரு தடவை செக் பண்ணுவாங்க” என்று எழுதிவிட்டால் போதும், ‘மேற்கொள்ளப்படுகிறது’ வேறு சட்டை போட்டுக்கொண்டு திரும்பி வந்துவிடும். யார் அந்த ‘வாங்க’? என் முதல் வரைவில் இப்படி நான்கு இடங்கள் இருந்தன. அதனால் ஸ்கிரிப்ட் முடிந்ததும் ‘வாங்க’, ‘றாங்க’, ‘ட்டாங்க’ என்று முடியும் வினைகளைத் தேடி, ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஆள் பெயரோ பொறுப்பின் பெயரோ இருக்கிறதா என்று பார்க்கிறேன். எழுத்துத் தமிழ் ஸ்கிரிப்டிலும் ‘படு’வைத் தேடி இதையே செய்யலாம் என்று யாராவது சொன்னால் மறுக்கமாட்டேன். ஆனால் அங்கே ‘படு’ இயல்பாக ஒலிக்கிறது. இயல்பாக ஒலிப்பதை யாரும் சந்தேகப்படுவதில்லை.

கேட்பவரை நேராக விளித்துப் பேசுவதற்கு ஆய்வுப் பலமும் உண்டு. கல்வி உளவியலாளர் ரிச்சர்ட் மேயரும் அவருடன் இருந்தவர்களும் 2004-இல் வெளியிட்ட ஆய்வில், மூச்சு விடுவதை விளக்கும் சிறிய ஆங்கிலப் பாடத்தில் பொதுவாக ‘நுரையீரல்’ என்று வந்த இடங்களை ‘உங்கள் நுரையீரல்’ என்பதுபோல மாற்றினார்கள். கேட்டதைத் திருப்பிச் சொல்வதில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. கேட்டதை வைத்துப் புதிய கேள்விக்கு விடை காண்பதில்தான் மாற்றப்பட்ட பாடம் முந்தியது. தமிழில் ‘உங்கள்’ சேர்ப்பது மட்டும் போதாது என்பது என் எண்ணம். “உங்கள் கோப்புகள் நகலெடுக்கப்படுகின்றன” என்பது வங்கிக் கடிதம் போலத்தான் இருக்கிறது. நம் மொழியில் பேச்சா எழுத்தா என்பதை வினையின் முடிவுதான் காட்டிக்கொடுக்கிறது.

இனி பேச்சுத் தமிழால் வந்த தொல்லைகள்.

முதலாவது எழுத்துக்கூட்டு. பேசுவதை அப்படியே எழுதினால் ‘எடம்’, ‘வெல’, ‘ஒடம்பு’ என்று போகும். பதிவில் வாசித்தவர் நானில்லை, வேறொருவர். அவர் ஒவ்வொரு சொல்லிலும் ஒரு நொடி தயங்கினார், அந்தத் தயக்கம் பதிவில் கேட்டது. பிறகு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன்: வினைமுடிவும் வேற்றுமை உருபும் பேச்சில் (‘வச்சிடும்’, ‘பிரிவுல’, ‘எல்லாத்தையும்’), பெயர்ச்சொல் எழுத்து வடிவில் (‘இடம்’, ‘விலை’). ‘இடம்’ என்று எழுதியிருந்தாலும் ‘வச்சிடும்’ பக்கத்தில் இருந்தால் வாய் தானாக ‘எடம்’ என்றுதான் சொல்லும். எண்களையும் சொல்லாக எழுதிவிடுவது நல்லது. ‘12.5%’ என்று விட்டால் ஒருவர் ‘பன்னிரண்டு புள்ளி ஐந்து’ என்பார், இன்னொருவர் ‘பன்னெண்டரை’ என்பார்.

இரண்டாவது, திரையும் குரலும் முட்டிக்கொள்வது. ஸ்லைடில் ‘மீட்டெடுப்பு’ என்று இருக்கிறது, குரல் ‘திரும்ப எடுக்கிறது’ என்கிறது. இரண்டும் ஒன்றுதானா என்று கேட்பவர் யோசிக்கும் நேரத்தில் அடுத்த வாக்கியம் போய்விடும். முதல் தடவை மட்டும் “இதைத்தான் ஸ்லைடுல மீட்டெடுப்புன்னு போட்டிருக்கோம்” என்று முடிச்சுப் போட்டுவிட்டால் பிறகு பிரச்சினை இல்லை.

மூன்றாவது, நேரம். ‘செய்துகொண்டிருக்கிறார்கள்’ 13 எழுத்து, ‘செஞ்சிட்டிருக்காங்க’ 10. அதனால் பேச்சுத் தமிழ் சீக்கிரம் முடியும் என்று நினைத்திருந்தேன். நடந்தது நேர்மாறு. எழுத்துத் தமிழ் ஸ்கிரிப்டை வாசிக்க 7 நிமிடம் 40 நொடி ஆனது, பேச்சுத் தமிழுக்கு ஏறத்தாழ 9 நிமிடம். ஆள், நாள், அடுத்து என்ன என்பதெல்லாம் உள்ளே வந்ததுதான் காரணம். நேரத்துக்குக் கறாரான வரம்பு இருந்தால் இரண்டு ஸ்லைடைத் தியாகம் செய்ய வேண்டியிருக்கும்.

எழுத்துத் தமிழ் தெளிவாக வெல்லும் இடமும் இருக்கிறது. பின்னாளில் யாராவது எடுத்துக்காட்டி வாதாடக்கூடிய வாக்கியம் என்றால், அதாவது விதி, கெடு, விலக்கு போன்றவை என்றால், அதைப் பேச்சில் இளக்கக் கூடாது. எங்கள் ஒன்பதாவது ஸ்லைடில் ‘90 நாட்களுக்குப் பின் நகல்கள் நிரந்தரமாக நீக்கப்படும்’ என்று இருந்தது. அதை எழுதியபடியே வாசிக்கவைத்து, உடனே பேச்சில் ஒரு வரி சேர்த்தேன்: “அதாவது, தொண்ணூறு நாள் தாண்டிட்டா எங்களாலயும் எடுத்துத் தர முடியாது.” அந்த ஒரு ‘படும்’ மட்டும் வேண்டுமென்றே விட்டது. நீக்குவது சர்வர், அதில் யாருக்கும் ஐயமில்லை.

யாருடைய பேச்சு என்ற கேள்விக்கு மட்டும் என்னிடம் முழு விடை இல்லை. வட்டாரச் சாயல் குறைந்த, தொலைக்காட்சி உரையாடல்களில் கேட்கும் பொதுவான பேச்சைப் பிடித்துக்கொண்டேன். கேட்டவர்கள் எல்லோரும் அந்தப் பேச்சுக்குப் பழகியவர்கள். பல நாட்டுத் தமிழர்கள் ஒன்றாகக் கேட்கும் பதிவு என்றால் இதே துணிச்சல் எனக்கு வராது. வயதில் மூத்த ஒருவர், “பதிவுன்னா கொஞ்சம் மரியாதையா இருக்க வேண்டாமா?” என்று கேட்டதும் உண்மை. ‘பாருங்க’, ‘சொல்லுங்க’ என்று மரியாதைப் பன்மையில்தான் இருந்தது, இருந்தும் அவருக்கு நிறைவில்லை. பத்து நிமிடத்துக்கு மேல் ஓடும் பதிவை நான் இந்த நடையில் செய்ததும் இல்லை.

எழுத்துத் தமிழ் ஸ்கிரிப்டைக் குப்பையில் போடவில்லை. புதிதாக வந்த பொறுப்புகளைச் சேர்த்துத் திருத்தி, திரையில் ஓடும் வசன வரிகளாக வைத்திருக்கிறோம். பேச்சுத் தமிழைக் கண்ணால் வேகமாகப் படிப்பது கடினம். ஆறாவது ஸ்லைடில் அந்த வரி இப்போது ‘மீட்டெடுப்புச் சோதனை: மாதத்தின் முதல் திங்கள், பிரிவுப் பொறுப்பாளர்’ என்று இருக்கிறது.