5.10 அடியும் 703-உம்: பி.எம்.ஐ போடறதுக்கு முன்னாடி எந்த வழியில மாத்தறது?

எங்க அபார்ட்மென்ட் அல்சூர் பக்கம், பெங்களூர்ல. இங்க ஞாயித்துக்கிழமை காலைல வாக்கிங் போற குரூப்ல உயரம், வெயிட், பி.எம்.ஐ எல்லாம் ஒரு ஷீட்ல போட்டு வைக்கிறோம், அந்த ஷீட்ட நான்தான் பாத்துக்கறேன். போன மாசம் அமெரிக்காவுல இருந்து அத்தை வந்திருந்தாங்க. அங்க டாக்டர் குடுத்த பேப்பர்ல 5 அடி 4 இஞ்ச், 145 பவுண்டு, பி.எம்.ஐ 24.9னு இருந்துச்சு. இங்க பக்கத்து வீட்டு அங்கிள் மனக்கணக்கா போட்டு 25.7ன்னு சொல்லிட்டாரு. "ஏன்டா, பிளேன்ல ஏறி இறங்கினதுல ஏறிடுச்சா"ன்னு அத்தை கவலையா கேட்டாங்க. அந்தக் கேள்விக்காக உக்காந்து நாலு வழியிலயும் போட்டுப் பாத்தேன், அதைத்தான் இங்க எழுதறேன்.

முதல் வழி, ஒழுங்கா மெட்ரிக்குக்கு மாத்திட்டு அப்புறம் பி.எம்.ஐ போடறது. ஒரு இஞ்ச்னா சரியா 2.54 சென்டிமீட்டர், ஒரு பவுண்டுன்னா சரியா 0.45359237 கிலோ, இது ரெண்டும் 1959ல நாடுகள் சேர்ந்து ஒத்துக்கிட்ட அளவு, தோராயம் கிடையாது. அத்தையோட 5 அடி 4 இஞ்ச்னா 5 x 12 + 4 = 64 இஞ்ச், அதாவது 162.56 சென்டிமீட்டர், மீட்டர்ல 1.6256. 145 பவுண்டு 65.77 கிலோ. உயரத்த அதாலயே பெருக்கினா 2.6426, 65.77-அ அதால வகுத்தா 24.89. டாக்டர் பேப்பர்ல இருந்ததும் இதுதான்.

ரெண்டாவது, மெட்ரிக்கே வேணாம்னு அமெரிக்காக்காரங்க போடற 703 வழி. பவுண்ட 703-ஆல பெருக்கி, இஞ்சோட வர்க்கத்தால வகுக்கணும். 145 x 703 / 4096, அதுவும் 24.89 தான். 703 எங்கருந்து வருதுன்னா 0.45359237-அ 0.0254-ஓட வர்க்கத்தால வகுத்தா 703.07 வரும், அவ்ளோதான், மேல பண்ண மாத்தல் முழுக்க இந்த ஒரு நம்பருக்குள்ள அடங்கிடுது.

அப்போ ரெண்டும் சமம்தானேன்னா, அமெரிக்காவுல சமம், நம்ம ஊர்ல இல்ல. ஏன்னா நாம உயரத்த அடி இஞ்ச்ல சொல்வோம், வெயிட்ட கிலோல சொல்வோம். 703 ஃபார்முலாவுல கிலோவ போட்டா அத்தைக்கு 11.3 வருது. ஆனா அது ஒரு நல்ல தப்புன்னு நான் நினைக்கிறேன், 11.3ன்னு பாத்ததுமே யாருக்கும் சந்தேகம் வந்துடும். உயரத்த மீட்டருக்கு மாத்திட்டு பவுண்ட மட்டும் மறந்து அப்படியே விட்டா 55 வரும், அதுவும் கத்திக் காட்டிக் குடுத்துடும். பயப்பட வேண்டியது சத்தமே போடாத தப்புக்குதான்.

மூணாவதா, அங்கிள் போட்ட வழி அந்த வகை. ஒரு அடி 30 சென்டிமீட்டர், ஒரு இஞ்ச் ரெண்டரை, அப்போ 5 அடி 4 இஞ்ச் 160ன்னு எடுத்துட்டாரு. வேஷ்டி வாங்கறதுக்கு இது போதும். ஆனா இங்க உயரம் வர்க்கமாகுது, அதனால உயரத்துல ஒரு சதவீதம் தப்பினா பி.எம்.ஐல கிட்டத்தட்ட ரெண்டு சதவீதம் தப்பும். காணாம போன 2.56 சென்டிமீட்டர் 24.9-அ 25.7 ஆக்கிடுச்சு. இந்தியர்களுக்குன்னு 2009ல வந்த வழிகாட்டுதல்படி 23லருந்து அதிக எடை, 25லருந்து உடல் பருமன். அதாவது ரவுண்டு பண்ணதுலயே அத்தை ஒரு கட்டத்துலருந்து அடுத்த கட்டத்துக்குப் போயிட்டாங்க. பவுண்ட 2.2-ஆல வகுக்கறதுல அவ்ளோ ஆபத்து இல்ல, 65.77க்கு பதிலா 65.91 வரும், விட்டுடலாம். ரவுண்டு பண்ணனும்னா வெயிட்ல பண்ணுங்க, உயரத்துல வேணாம்.

நாலாவதுதான் எனக்கு உண்மையிலேயே கவலை குடுத்தது. எங்க ஷீட்ல முதல்ல உயரத்துக்கு ஒரே நெடுவரிசைதான் இருந்துச்சு, எல்லாரும் 5.4, 5.8ன்னு அடிச்சிருந்தாங்க, ஃபார்முலா அத நேரா 0.3048-ஆல பெருக்கிட்டு இருந்துச்சு. 5.8ன்னு எழுதறவங்க மனசுல 5 அடி 8 இஞ்ச், அதாவது 68 இஞ்ச். ஷீட்டுக்கு அது ஐந்தே முக்கால் அடிக்கும் கொஞ்சம் மேல, 69.6 இஞ்ச். ஆள் உயரமாயிடுறாரு, பி.எம்.ஐ குறைஞ்சு வருது, நல்லா இருக்கேன்னு யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க. அத்தைக்கே 5.4ன்னு போட்டா 24.9 இல்ல, 24.3 வரும்.

10 இஞ்ச், 11 இஞ்ச் வந்தா கதை தலைகீழா மாறுது. எங்க குரூப்ல ஒரு பையன் 5 அடி 11 இஞ்ச், 75 கிலோ, தினமும் ஓடுறவன். 5.11ன்னு போட்டிருந்தான், ஷீட் அவன 155.8 சென்டிமீட்டர் ஆக்கி பி.எம்.ஐ 30.9ன்னு சிவப்புல காட்டுச்சு, உண்மையில 23.1. ரெண்டு வாரம் அவன் மத்தியானம் சாப்பாட்டக் கொறச்சுக்கிட்டான், அத கேட்டப்போ எனக்கு மனசு கஷ்டமாயிடுச்சு. 5 அடி 10 இஞ்ச் இன்னும் மோசம், 5.10ன்னு அடிச்சு என்டர் தட்டினதும் ஷீட் கடைசி பூஜ்யத்த தூக்கிட்டு 5.1 ஆக்கிடும், அப்புறம் அவரும் 5 அடி 1 இஞ்ச் இருக்கற ஆன்ட்டியும் ஒரே உயரம், பின்னாடி யாரு யாருன்னு பிரிக்கவே முடியாது. 5-4ன்னு கோடு போட்டு அடிச்சா அது தேதி ஆயிடும், அதுவும் உதவாது.

அதனால என் முடிவு இதுதான்: அடிக்கு ஒரு நெடுவரிசை, இஞ்சுக்கு ஒரு நெடுவரிசை, வெயிட் கிலோல ஒரு நெடுவரிசை, மெட்ரிக்குக்கு மாத்தித்தான் கணக்கு. அடி A, இஞ்ச் B, கிலோ C:

```
=C2/(((A2*12+B2)*0.0254)^2)
```

பவுண்டுல வர்றவங்களுக்கு மட்டும் முன்னாடி இருக்கற `C2`-க்கு பதிலா `C2*0.45359237`. இஞ்ச் நெடுவரிசைல 12ஓ அதுக்கு மேலயோ வந்தா ஏத்துக்காதபடி வச்சுட்டேன். 703 வழிய நான் தூக்கி எறியல, ரெண்டுமே அமெரிக்க அளவுல இருக்கற பேப்பர போன் கால்குலேட்டர்ல சரிபாக்க அதுதான் வேகம், ரெண்டு வழியிலயும் ஒரே விடை வந்தா மாத்தினது சரின்னு தெரிஞ்சுடும்.

மாத்தறது எவ்ளோ துல்லியமா இருந்தாலும், முதல்ல அளந்த அளவுக்குத்தான் மதிப்பு. முழு இஞ்சுக்கு ரவுண்டு பண்ணி எழுதின உயரத்துல அரை இஞ்ச் இப்படி அப்படி இருக்கலாம், அத்தை உயரத்துக்கு அந்த அரை இஞ்சே பி.எம்.ஐல 0.4. அதனால 24.889ன்னு மூணு புள்ளி போடறதுல அர்த்தமே இல்ல, ஒரு புள்ளி போதும்.

கடைசியா அத்தைய கேட்டேன், அங்க உயரம் அளந்தாங்களான்னு. "எங்க அளந்தாங்க, இருபது வருஷம் முன்னாடி லைசென்ஸ்ல எழுதினததான் சொன்னேன்"னாங்க. செருப்பக் கழட்டச் சொல்லி, குதிகால் செவுத்துல ஒட்டி நிக்க வச்சு, தலைமேல ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்த மட்டமா வச்சு பென்சில்ல கோடு போட்டு டேப் வச்சேன். 161.5 சென்டிமீட்டர். வயசாக ஆக உயரம் குறையறது சகஜம்தான். அதே 65.77 கிலோவுக்கு இப்போ 25.2. ஷீட்ல அத்தை வரிசைக்கு மட்டும் உயரத்த நேரா சென்டிமீட்டர்லயே போட்டு, பக்கத்துல அளந்த தேதியையும் எழுதி வச்சிருக்கேன்.